ஒவ்வொரு ஷிப்டிலும் முதலுதவி தெரிந்தவர்: தேயிலைத் தொழிற்சாலைக்கு ரோஸ்டர் போடும் முறை

தொழிற்சாலைக் கந்தோரில் ரோஸ்டர் போடப் பழகும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். முதலில் ரோலருக்கு ஆள், டிரையருக்கு ஆள், சல்லடைக்கு ஆள் என்று கட்டங்களை நிரப்புவார்கள். எல்லாம் முடிந்தபிறகு, "இந்த ஷிப்டில் முதலுதவிச் சான்றிதழ் உள்ளவர் யார்?" என்று தேடுவார்கள். அந்த நேரத்தில் நல்ல ஆட்கள் எல்லோரும் வேறு இடத்தில் மாட்டியிருப்பார்கள். ஒருவரை இழுத்தால் இன்னொரு கட்டம் காலியாகும். கடைசியில் சான்றிதழ் இல்லாத சுப்பர்வைசரின் பெயரை எழுதிவிட்டுக் கோப்பை மூடுவார்கள்.

கீழே இருப்பது அதே வேலையைத் தலைகீழாகச் செய்யும் முறை. நான் ஹட்டன் பக்கத்தில் உள்ள ஒரு தோட்டத் தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதுகிறேன். மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு எட்டு முதல் பதினான்கு பேர் வரை, சான்றிதழ் உள்ளவர்கள் ஐந்து பேர். உங்கள் எண்ணிக்கை வேறாக இருந்தாலும் படிகளின் வரிசை மாறாது.

## 1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

நான்கு பொருள் வேண்டும். முதலுதவிச் சான்றிதழ்களின் பிரதிகள், லீவுப் புத்தகம், போன மாதத்து வருகைப் பதிவு, வரும் கிழமை எந்த நாளில் கொழுந்து வரும், எந்த நாளில் இயந்திரம் ஓடும் என்று டீமேக்கர் சொன்ன விபரம்.

வருகைப் பதிவு எதற்கு என்று கேட்பார்கள். ரோஸ்டரில் "இரவு 10 மணி" என்று இருக்கும். ஆள் வருவதோ பத்தரைக்கு. மேல் டிவிஷன் லயத்திலிருந்து மழையில் நடந்து வருகிறவருக்கு அது வழக்கமாகவே ஆகியிருக்கும். அந்த அரை மணி நேரம் ரோஸ்டரில் தெரியாது, வருகைப் பதிவில்தான் தெரியும்.

## 2. "அல்லது" என்ற சொல்லை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

பல இடங்களில் விதி இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும்: ஒவ்வொரு ஷிப்டிலும் சான்றிதழ் பெற்ற முதலுதவியாளர் அல்லது மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும். இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், முதலுதவி ஒன்றுமே தெரியாத சுப்பர்வைசர் ஒருவர் இருந்தால் போதும். தாளில் சரி. தளத்தில் சரியில்லை.

நான் பழைய தொழிற்சாலையொன்றில் இருந்தபோது விடியற்காலை மூன்று மணியளவில் ஒரு சம்பவம் நடந்தது. உலையின் கதவைத் திறந்த தம்பிக்கு முழங்கை வரை தீ தாவிவிட்டது. சுப்பர்வைசர் ஓடிவந்தார். நல்ல மனிதர், அனுபவசாலி. ஆனால் அவர் செய்தது, யாரோ கொண்டுவந்து கொடுத்த பற்பசையைக் கை முழுவதும் பூசியதுதான். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர் விட வேண்டும், வேறெதையும் பூசக்கூடாது என்பது முதலுதவி வகுப்பின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று. அதைப் படித்தவரின் பெயர் அந்த இரவு ரோஸ்டரில் இருந்தது. அவர் மட்டும் இல்லை. திருவிழாவுக்குப் போக வேண்டுமென்று நண்பனோடு ஷிப்டை மாற்றிக்கொண்டிருந்தார். கந்தோருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து இருவரையும் நான் வேறு வேறு கட்டத்தில்தான் எழுதுகிறேன். ஏனென்றால் விபத்து நடந்த நிமிடத்தில் இருவருக்கும் வேறு வேறு வேலை. முதலுதவியாளர் காயப்பட்டவரை விட்டு நகரக்கூடாது. மேற்பார்வையாளர் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், 1990 சுவசெரியவுக்கு அழைக்க வேண்டும், பிரதான வீதிச் சந்திக்கு ஒருவரை டோர்ச்சோடு அனுப்ப வேண்டும், தோட்ட லொறியைத் தயார்ப்படுத்த வேண்டும். ரோலர் அறைக்குள் போனுக்குச் சிக்னல் கிடைக்காத தொழிற்சாலைகள் நிறைய. வெளியே போய்ப் பேசுகிறவர் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே என் விதி இது. ரோலரோ டிரையரோ ஓடும் ஷிப்டில் இருவரும் வேண்டும், இரண்டு வெவ்வேறு ஆட்களாக. இயந்திரம் ஓடாத ஷிப்டில் "அல்லது" செல்லும். அப்போதும் முதலுதவியாளரைத்தான் முதலில் தேடுவேன்.

## 3. சான்றிதழைக் கண்ணால் பார்த்துப் பட்டியல் எடுங்கள்

"எனக்குச் சான்றிதழ் இருக்கிறது" என்ற வாய்வார்த்தையை எழுதாதீர்கள். தாளைக் கையில் வாங்குங்கள். மூன்று விடயங்களைப் பாருங்கள்.

ஒன்று, அது சான்றிதழா, வந்துபோனதற்கான தாளா என்பது. செஞ்சிலுவைச் சங்கமோ சென் ஜோன் அம்புலன்ஸோ நடத்தும் பயிற்சியில் கையால் செய்து காட்ட வேண்டியிருக்கும். ஒரு மணி நேர விழிப்புணர்வுக் கூட்டத்துக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்.

இரண்டு, முடியும் திகதி. "இந்த வருடம் முடிகிறது" என்று குறிப்பது போதாது. நாள், மாதம், வருடம் மூன்றும் வேண்டும். ரோஸ்டரின் நடுவில் முடிகிற சான்றிதழ்தான் மிக எளிதாகத் தப்பிப்போகும். திங்கட்கிழமை பார்க்கும்போது அது செல்லுபடியாகத்தான் இருக்கும்.

மூன்று, ஆளின் உடம்பு. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கத் தரையில் முழந்தாளிட வேண்டும், ஒரு நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை அழுத்த வேண்டும். முழங்கால் வலிக்காரர் ஒருவர் எங்கள் பட்டியலில் இரண்டு வருடம் இருந்தார். கேட்ட பிறகுதான் சொன்னார், "குனிந்தால் எழும்ப ஏலாது" என்று. அவரை நீக்கவில்லை. இரண்டாவது ஆளாக மட்டும் எழுதினோம்.

## 4. எத்தனை இடம் நிரப்ப வேண்டும் என்று எண்ணுங்கள்

எங்கள் ஷிப்டுகள் காலை 6 முதல் 2 வரை, பிற்பகல் 2 முதல் 10 வரை, இரவு 10 முதல் 6 வரை. திங்கள் முதல் சனி வரை கொழுந்து வரும். பகலில் எடுத்த கொழுந்து மாடியில் வாடி, விடியப்புறம் இரண்டு மூன்று மணிக்கு ரோலருக்கு இறங்கும். டிரையர் அடுத்த நாள் நண்பகல் வரை ஓடும். ஆகையால் ஞாயிறு கொழுந்து இல்லாவிட்டாலும், சனிக்கிழமைக் கொழுந்தை முடிக்க ஞாயிறு காலை ஷிப்ட் உண்டு. ஆறு நாள், மூன்று ஷிப்ட், பதினெட்டு. ஞாயிறு காலையோடு பத்தொன்பது.

பழகுகிறவர்கள் இந்த ஞாயிறு காலையை மறந்துவிடுகிறார்கள். "ஞாயிறு லீவு" என்று மனதில் பதிந்திருப்பதால் வருகிற பிழை. போயா நாளுக்கு மறுநாளும் இதே மாதிரி யோசித்துப் பாருங்கள்.

இனி இரவுக்கு ஒருவர் போதுமா என்ற கேள்வி. போதாது என்பது என் முடிவு. ஆபத்தான வேலை இரவில்தான் தொடங்குகிறது, ஆட்களும் அப்போதுதான் குறைவு, வாகனம் வர நேரமும் அப்போதுதான் அதிகம். முதலுதவியாளரே ரோலரில் கைகொடுத்துவிட்டால் அவரைப் பார்ப்பது யார்? நெஞ்சழுத்தமும் ஒருவர் தனியே நெடுநேரம் செய்யக்கூடியதல்ல. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்றுதான் பயிற்சியிலேயே சொல்கிறார்கள். ஆகவே இரவுக்கு இருவர்.

காலை ஏழு, பிற்பகல் ஆறு, இரவு ஆறு இருமடங்காகப் பன்னிரண்டு. மொத்தம் இருபத்தைந்து இடம். ஒருவர் கிழமைக்கு ஆறு ஷிப்ட் வேலை செய்தால் நான்கு பேரால் இருபத்துநான்குதான் தர முடியும். ஐந்தாவது ஆள் கட்டாயம். எண்ணும்போதே இது தெரிந்துவிட்டால், பயிற்சிக்கு இன்னொருவரை அனுப்பும்படி துரையிடம் கேட்க உங்கள் கையில் கணக்கு இருக்கும்.

## 5. முதலுதவியாளரை மட்டும் எழுதுங்கள், இரவிலிருந்து தொடங்குங்கள்

இப்போது வெற்றுத் தாளை எடுத்து முதலுதவியாளர்களின் பெயரை மட்டும் எழுத வேண்டும். வேறு யாருடைய பெயரும் இன்னும் வரக்கூடாது. முதலில் இரவு, அடுத்தது ஞாயிறு காலை, பிறகு மற்றவை. நிரப்பக் கடினமான இடத்தைக் கடைசிக்கு விட்டால் அங்கே வைக்க ஆள் மிஞ்சாது.

எங்களிடம் இருந்த ஐவர்: உதவி டீமேக்கர், டிரையர்காரர், ரோலர்காரர், சல்லடை அறை அக்கா, கொழுந்து மாடித் தம்பி. தம்பியின் சான்றிதழ் அந்தக் கிழமை வியாழனோடு முடிகிறது.

இரவுக்கு முதல் ஆளாக ரோலர்காரரை ஆறு நாளும் போட்டேன். காரணம் உண்டு. ரோலரை சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட்டு ஓடலாம். டிரையரை அப்படி விட முடியாது, தட்டில் உள்ள தேயிலை கருகிவிடும். அதனால் டிரையரில் நிற்பவர் காயப்பட்டவரிடம் போகத் தயங்குவார், அல்லது பாதியில் திரும்பி ஓடுவார். டிரையர்காரர் இரண்டாவது ஆளாக இருக்கலாம். அப்போதும் அவர் நகர்ந்தால் டிரையரைப் பார்ப்பது யார் என்று ரோஸ்டரிலேயே பெயர் எழுதவேண்டும். விறகு போடுகிறவருக்கு அந்த வேலை தெரிந்திருந்தால் அவர் பெயர்.

இரண்டாவது ஆளாகத் திங்கள், செவ்வாய், புதன் மாடித் தம்பி. புதன் இரவு ஷிப்ட் வியாழன் காலை 6 மணிக்கு முடிகிறது, சான்றிதழ் அதுவரை செல்லும். வியாழன் முதல் சனி வரை டிரையர்காரர். தம்பி வியாழனிலிருந்து வழக்கமான தொழிலாளியாக வருவார், முதலுதவிக் கட்டத்தில் அல்ல. அன்றே அவருடைய மறுபயிற்சிக்கும் கடிதம் எழுதினேன்.

அக்காவை ஏன் இரவில் போடவில்லை என்று கேட்கலாம். 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கப் பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் தொழில் சட்டத்தின்படி ஒரு பெண்ணை அவர் விருப்பத்துக்கு எதிராக இரவு வேலைக்கு வற்புறுத்த முடியாது. தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும், மாதத்துக்குப் பத்து இரவுக்கு மேல் கூடாது. அக்கா விரும்பினாலும் முழு மாதமும் இரவு முதலுதவியை அவர்மேல் சுமத்திக் கணக்குப் போட்டால் அந்த ரோஸ்டர் நிற்காது.

மிச்சத்தை நிரப்பிய பிறகு தாள் இப்படி இருந்தது:

| நாள் | காலை 6–2 | பிற்பகல் 2–10 | இரவு 10–6 |
|---|---|---|---|
| திங்கள் | சல்லடை அக்கா | டிரையர்காரர் | ரோலர்காரர், மாடித் தம்பி |
| செவ்வாய் | சல்லடை அக்கா, உதவி டீமேக்கர் | டிரையர்காரர் | ரோலர்காரர், மாடித் தம்பி |
| புதன் | சல்லடை அக்கா, உதவி டீமேக்கர் | டிரையர்காரர் | ரோலர்காரர், மாடித் தம்பி |
| வியாழன் | உதவி டீமேக்கர் | சல்லடை அக்கா | ரோலர்காரர், டிரையர்காரர் |
| வெள்ளி | உதவி டீமேக்கர் | சல்லடை அக்கா | ரோலர்காரர், டிரையர்காரர் |
| சனி | உதவி டீமேக்கர் | சல்லடை அக்கா | ரோலர்காரர், டிரையர்காரர் |
| ஞாயிறு | உதவி டீமேக்கர் | மூடல் | மூடல் |

யாருக்கும் ஆறு ஷிப்டுக்கு மேல் இல்லை. ஒரு ஷிப்ட் முடிந்து எட்டே மணி நேரத்தில் அடுத்ததற்கு வர வேண்டியவரும் இல்லை. டிரையர்காரர் புதன் இரவு பத்து மணிக்குப் போய் வியாழன் இரவு பத்துக்கு வருகிறார். மாற்றம் எப்போதும் இப்படி முன்னோக்கி, காலையிலிருந்து பிற்பகலுக்கு, பிற்பகலிலிருந்து இரவுக்கு நகர வேண்டும். பின்னோக்கி மாற்றினால் தூக்கம் இல்லாத ஒருவரிடம் முதலுதவியை ஒப்படைக்கிறீர்கள்.

## 6. மேற்பார்வையாளரைத் தனிக் கட்டத்தில் வையுங்கள்

இங்கே ஒளிந்திருக்கும் பிழை, ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுவது. உதவி டீமேக்கருக்குச் சான்றிதழும் உண்டு, மேற்பார்வைப் பொறுப்பும் உண்டு. அவர் தனியாக நின்றால் இரண்டு கட்டத்திலும் சரி அடையாளம் விழும். ஆனால் தளத்தில் நிற்பது ஒரே மனிதன்.

எங்கள் தாளில் ஞாயிறு காலை அப்படித்தான் இருந்தது. டீமேக்கருக்கு ஞாயிறு ஓய்வு, உதவி டீமேக்கர் தனியே, டிரையர் ஓடுகிறது. டீமேக்கரிடம் பேசினேன். அவர் ஓய்வைப் புதனுக்கு மாற்றிக்கொண்டு ஞாயிறு வர ஒப்புக்கொண்டார். புதன் காலை அக்காவும் உதவி டீமேக்கரும் சேர்ந்து இருப்பதால், அன்று அக்கா முதலுதவி, அவர் மேற்பார்வை. பிற்பகலுக்குச் சுப்பர்வைசர், இரவுக்கு மற்ற உதவி டீமேக்கர். பத்தொன்பது ஷிப்டுக்கும் வெவ்வேறு இரு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் மற்றத் தொழிலாளர்களின் பெயரை எழுத வேண்டும். அந்தப் பகுதி வழக்கமான வேலை, நான் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எழுதிய முதலுதவிப் பெயரை, "அங்கே ஆள் குறைகிறது" என்று யார் கேட்டாலும் நகர்த்தாதீர்கள். நகர்த்தியே ஆகவேண்டுமானால் ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

## 7. கணினி எண்ணட்டும்

ரோஸ்டர் எக்செல்லில் இருந்தால் ஒரு வரிக்கு ஒரு ஆள் என்று வையுங்கள். A நிரலில் திகதி, B நிரலில் ஷிப்ட், C நிரலில் பெயர், D நிரலில் சான்றிதழ் முடியும் திகதி. `Staff` என்ற இன்னொரு தாளில் பெயரும் முடிவுத் திகதியும் இருந்தால் D தானாக வரும்:

```
=IFERROR(VLOOKUP(C2,Staff!A:B,2,FALSE),"")
```

சோதிக்கும் திகதியை H நிரலிலும் ஷிப்டை I நிரலிலும் எழுதி, பக்கத்தில் இதைப் போடுங்கள்:

```
=COUNTIFS(A:A,H2,B:B,I2,D:D,">"&H2)
```

அந்த நாளில், அந்த ஷிப்டில், சான்றிதழ் இன்னும் முடியாதவர்கள் எத்தனை பேர் என்று இது காட்டும். முடிவுத் திகதி ஷிப்டின் திகதியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று வைத்ததற்குக் காரணம் இரவு ஷிப்ட். அது தொடங்குவது ஒரு நாள், முடிவது மறுநாள். நள்ளிரவில் முடிந்துபோகும் சான்றிதழ் இந்தக் கணக்கில் சேராது.

விடை காலை, பிற்பகலுக்கு ஒன்றுக்குக் குறையக்கூடாது, இரவுக்கு இரண்டுக்குக் குறையக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தும் பூச்சியம் வந்தால் திகதியைப் பாருங்கள். 16.05 என்று புள்ளி வைத்துத் தட்டியதைக் கணினி திகதியாக எடுத்திருக்காது. பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருந்தாலும் VLOOKUP கண்டுபிடிக்காது.

கணினிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. உதவி டீமேக்கரை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்களா என்பதை அது சொல்லாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

## 8. ஒவ்வொரு பெயரையும் விரலால் மறைத்துப் பாருங்கள்

தாள் நிறைந்ததும் நான் செய்யும் சோதனை இது. ஒரு முதலுதவியாளரின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு, அவர் காய்ச்சலில் படுத்துவிட்டதாக நினைத்து அந்த ஷிப்டைப் பார்ப்பேன். காலியாகிவிட்டால் பதிலாள் பெயரைப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவேன். வீட்டில் மரணம், பிள்ளைக்குச் சுகமில்லை, மண்சரிவில் பாதை அடைப்பு, எதுவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

அந்தக் கிழமையில் இரவு தப்பியது, இருவர் இருந்ததால். பிற்பகல்தான் மாட்டியது. திங்கள் டிரையர்காரர் வராவிட்டால், மாடித் தம்பியை இரவுக்குப் பதிலாகப் பிற்பகல் இரண்டு மணிக்கே வரச்சொல்லலாம், இரவுக்கு ரோலர்காரர் மிஞ்சுவார். செவ்வாய்க்கு அது சரிவராது. தம்பி அன்று காலை ஆறு மணிக்குத்தான் வேலை முடித்துப் போயிருப்பார். அன்று உதவி டீமேக்கரைக் காலையிலிருந்து பிற்பகலுக்கு நகர்த்தலாம், காலையில் அக்கா இருக்கிறார்.

புதன்தான் சிக்கல். அன்று டீமேக்கருக்கு ஓய்வு என்று நானே மாற்றியிருந்தேன், அதனால் உதவி டீமேக்கரைக் காலையிலிருந்து எடுக்க முடியாது. டீமேக்கரிடம் திரும்பப் போனேன். பங்களாவில்தான் இருப்பேன், கூப்பிட்டால் காலைக்கு வருகிறேன் என்றார். அதையும் பென்சிலால் எழுதினேன். அப்படி நடந்தால் காலையில் உதவி டீமேக்கர் முதலுதவி, டீமேக்கர் மேற்பார்வை, பிற்பகலுக்கு நகர்வது அக்கா. இரவு பத்து மணி வரை நின்ற உதவி டீமேக்கரை மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூப்பிடக்கூடாது, அக்காவுக்கோ வியாழன் பிற்பகல்தான் வேலை. அதே காரணத்தால், செவ்வாய் உதவி டீமேக்கர் பிற்பகலுக்கு நகர்ந்தாலும் புதன் காலை மேற்பார்வைக்கு டீமேக்கரைத்தான் கூப்பிட வேண்டும்.

வியாழன் தொடக்கம் ஞாயிறு வரைக்கும் இப்படியே பார்த்தேன். ஒரு கிழமைக்கு இருபது நிமிடம் பிடிக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்து, யாரைக் கூப்பிடுவது என்று தடுமாறும் நேரத்தைவிட அது குறைவு.

## 9. ஷிப்ட் மாற்றத்துக்கு ஒரு சட்டம்

முன்னே சொன்ன தீக்காயச் சம்பவத்தில் ரோஸ்டர் பிழையில்லை. கைமாற்றுத்தான் பிழை. தொழிலாளர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதை முற்றாகத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கல்யாணம், திருவிழா, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் நியாயமான காரணங்கள்.

எனவே ரோஸ்டரில் முதலுதவியாளர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு சிலுவை போடுகிறோம். சிலுவை உள்ள பெயர் சிலுவை உள்ள பெயரோடு மட்டுமே மாறலாம். மாற்றுகிற இருவரும் மாற்றுப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும், அந்த ஷிப்டின் மேற்பார்வையாளரும் இட வேண்டும். முதல் மாதம் முணுமுணுத்தார்கள். ஏன் இந்தச் சட்டம் என்று பிரட்டு நேரத்தில் நின்று விளக்கிய பிறகு குறைந்துவிட்டது. "அண்ணன், எனக்கும் ஒரு சிலுவை கிடைக்குமா?" என்று பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களும் உண்டு.

கந்தோர் ஆட்களும் இதை மீறுவதுண்டு. லொறி ஓட்டுநர் வராத நாளில், "லைசன்ஸ் இருக்கிறதே" என்று ரோலர்காரரை ஹட்டனுக்கு அனுப்பிவிடுவார்கள். வருகைப் பதிவில் அவர் வேலையில் இருக்கிறார். வளவில் இல்லை. சிவப்புச் சிலுவை உள்ளவர் ஷிப்ட் நேரத்தில் தொழிற்சாலை வளவை விட்டுப் போகக்கூடாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

## 10. ஷிப்ட் மாறும் கால் மணி நேரம்

எல்லாம் செய்தும் ஒரு ஓட்டை மிஞ்சும். போகிறவர் 9.55 க்குக் குளிக்கப் போய்விடுவார், வருகிறவர் 10.10 க்கு வருவார். அந்தக் கால் மணி நேரத்தில் தொழிற்சாலையில் முதலுதவி தெரிந்தவர் யாருமில்லை.

நாங்கள் முதலுதவிப் பெட்டியை வைத்தே இதை அடைத்தோம். பெட்டிக்குப் பூட்டு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். மருந்து காணாமல் போகிறது என்று நிர்வாகம் பூட்டச் சொன்னால், சாவி வேலையில் இருக்கும் முதலுதவியாளரிடம் இருக்கட்டும். அந்தச் சாவி கையிலிருந்து கைக்குத்தான் போகவேண்டும், ஆணியில் தொங்கக்கூடாது. வருகிறவர் சாவியை வாங்கிக் கரும்பலகையில் தன் பெயரை எழுதும் வரை போகிறவர் போகமாட்டார். சாவி மாறும்போது இருவரும் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், தீர்ந்தவற்றைக் குறிப்பார்கள்.

பிற்பகல் ஷிப்டில் அக்கா இருக்கும் நாட்களில் மட்டும் இது வேறு. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையில் வேலை செய்த பெண்ணை இரவு பத்து மணிக்குப் பிறகு அன்று வேலையில் வைத்திருக்க அதே சட்டம் இடம் தராது. வருகிறவர் பிந்துகிறார் என்பதற்காக அக்காவை நிறுத்திவைக்க முடியாது. ஆகவே வியாழன், வெள்ளி, சனி இரவுகளில் ரோலர்காரருக்கு வருகை நேரம் 9.45 என்றே எழுதி, அந்தக் கால் மணி நேரத்தை ஓ.டி.யாகச் சேர்க்கிறோம். அவர் 9.50 ஆகியும் வரவில்லையென்றால் சுப்பர்வைசர் இரண்டாவது ஆளான டிரையர்காரருக்குப் போன் எடுப்பார். அவரும் வராமல் ரோலர் தொடங்கப்படாது. கொழுந்து மாடியில் இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கலாம். டீமேக்கர் முதலில் இதற்கு ஒப்பவில்லை. இப்போது மாற்றுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவருடைய கையெழுத்தோடு அந்த வரி இருக்கிறது.